நகலெடுப்பவன் வீடு திரும்புகிறான்

ஜேம்ஸ் ஜாய்ஸின் 'டப்ளினர்ஸ்' (1914) தொகுப்பில் 'கவுண்டர்பார்ட்ஸ்' என்றொரு கதை இருக்கிறது. ஓர் ஒப்பந்தத்தின் இணைப்பிரதிகளைக் குறிக்கும் சட்டச்சொல் அது. கதையின் ஃபாரிங்டனுக்கு வக்கீல் ஆபீஸில் வேலையே கையால் நகலெடுப்பதுதான்.

கடிதக்கட்டில் இரண்டு கடிதங்கள் குறைகின்றன. முதலாளி அலைன், வசதியான வாடிக்கையாளரான ஒரு பெண்மணியின் முன்னால் வைத்து, தன்னை முட்டாளென்று நினைக்கிறாயா என்று கத்துகிறார். அது என்னிடம் கேட்கக்கூடிய நியாயமான கேள்வியல்ல என்று ஃபாரிங்டன் வாயிலிருந்து பதில் வந்துவிடுகிறது. அவன் யோசித்துச் சொன்னதல்ல. அப்புறம் கெஞ்சி மன்னிப்புக் கேட்க வேண்டியதாகிறது. அந்தக் காட்சியை ஜாய்ஸ் காட்டுவதில்லை, ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்.

கதையின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. கடிகாரத்தை ஆறு ஷில்லிங்குக்கு அடகு வைத்துவிட்டு மதுக்கடைகளில் அந்தப் பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான். நண்பர்கள் சிரிக்கிறார்கள், ஆளுக்கொரு கிளாஸ் வாங்கிக் கொடுக்கிறார்கள். மன்னிப்பு கேட்டதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை. பதில் கதையாகி வெளியே போய்விட்டது, மன்னிப்பு உள்ளேயே தங்கிவிட்டது. மீட்டிங்கில் வாங்கிக்கட்டிக்கொண்டதை நாமும் இப்படித்தானே சொல்வோம்? "நானும் கேட்டுட்டேன்ல" என்பதோடு நிறுத்திவிடுவோம்.

கைமல்யுத்தத்திலும் ஒரு சின்னப் பையனிடம் இரண்டு முறை தோற்று, பையில் இரண்டு பென்ஸோடு வீடு வருகிறான். மனைவி தேவாலயத்துக்குப் போயிருக்கிறாள். மகன் டாம் சொன்ன பதிலை அதே குரலில் திருப்பிச் சொல்லிப் பழிக்கிறான். அலைனின் வடக்கத்தி உச்சரிப்பை ஒருநாள் இதேபோல் செய்துகாட்டி அவரிடம் மாட்டிக்கொண்டவன்தான் அவன். அடுப்புத் தீயை அணையவிட்டாய் என்று கைத்தடியை எடுக்கிறான். ஆபீஸில் நடந்ததன் இணைப்பிரதி, ஆள் மட்டும் மாறியிருக்கிறது.

இந்தச் சமன்பாடு கொஞ்சம் அதிகக் கச்சிதம் என்பது என் குறை. மனைவிக்கும் ஒரே வரிதான்: குடிக்காதபோது அவள் இவனை அதட்டுவாள், குடித்தபோது இவன் அவளை.

எங்க காயல்பட்டினத்தில் வைத்து வாசித்தால் அந்த ஒரு வரி பெரிதாகிறது. இங்கே கல்யாணமானால் மாப்பிள்ளை பெண் வீட்டில் இருப்பதுதான் வழக்கம். ஃபாரிங்டனுக்கு வீடு அவன் அதிகாரம் செல்லும் இடம். இங்கேயோ மாமனாரும் மாமியாரும் இருக்கும் வீட்டில், அவன் எந்நேரமும் மரியாதைக்குரிய மருமகனாகவே இருந்தாக வேண்டும். கையை ஓங்க முடியாது, முகம் வாடியும் உட்கார முடியாது. வீட்டிலிருந்தே வேலை பார்த்தால் இடையில் டிராம் பயணமும் கிடையாது. மேனேஜரின் குரல் நின்ற அடுத்த நிமிஷம் சாப்பிடக் கூப்பிடுவார்கள்.

அங்கே மன்னிப்பு கைத்தடியாகிறது. இங்கே "தலைவலி" என்ற ஒரு சொல்லாகிறது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருப்பதை ஜாய்ஸ் எழுதவில்லை. காயலில் யாராவது எழுத வேண்டிய கதை அது.