ஆடியில் ஒரு ஸ்வெட்டர் நோட்டீஸ்

தொண்டாமுத்தூரில் ஆடி மாதம் வெயில் கொளுத்துவதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பாக்கு மரங்களை ஆட்டிக்கொண்டே இருக்கும், அவ்வப்போது சாரலும் தூவும். அதற்காக யாரும் இங்கே ஸ்வெட்டர் போடுவதில்லை. மாசி முதல் சித்திரை வரை வெள்ளியங்கிரி ஏறுகிறவர்கள் ஏழாவது மலைக் குளிருக்கு ஒரு குல்லா வாங்குவார்கள், அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஊரில், துணிக்கடைகளெல்லாம் ஆடித் தள்ளுபடிக்குச் சேலையை அடுக்கியிருந்த நேரத்தில், செய்தித்தாளுக்குள் மடித்து வந்த மஞ்சள் நோட்டீஸ் ஒன்றை நான் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன். நான்கே வரிகள்.

“ஆடிக்கு எல்லாக் கடையிலும் சேலைங்க, நம்ம கடையில ஸ்வெட்டருங்க.
போறவங்க வர வேண்டியதில்லீங்க, அவங்க சட்டை ஒண்ணு வந்தாப் போதும்.
அக்ரிலிக்கை அக்ரிலிக்குன்னுதான் சொல்லுவோம், கம்பளின்னு சொல்ல மாட்டோம்.
பெரிய கோட்டு இங்க வாங்காதீங்க, போய் அங்க வாங்கிக்கட்டும்.”

முதல் வரியை வேடிக்கை என்று நினைத்துத்தான் படித்தேன். பிறகுதான் அதில் இருந்த கணக்கு பிடிபட்டது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் வகுப்பு செப்டம்பரில் தொடங்குகிறது. ஆகஸ்டில் விமானம் என்றால், பெட்டி கட்டுவது ஆடியில்தான். இந்தக் கடைக்குப் பனிக்காலம் என்பது மார்கழி அல்ல, டிக்கெட்டில் இருக்கும் தேதி. சேலைக்காகவே பழகிப்போன ஆடியை ஸ்வெட்டருக்குத் திருப்பிவிட்டதில் வியாபாரமும் இருக்கிறது, சொல்நயமும் இருக்கிறது.

இரண்டாவது வரி எனக்கு இன்னும் பிடிக்கும். இங்கே வாங்குகிறவர் வேறு, போடுகிறவர் வேறு. பையன் பெங்களூரில் கடைசி நாள் வரை வேலையில் இருப்பான், கடைக்கு வருவது அம்மா. சில வீடுகளில் மகளின் பேறுகாலம் பார்க்கப் போகிற அம்மாவுக்கு மருமகள் வந்து வாங்குவாள். “அவன் உன் உயரம்தான் இருப்பான் தம்பி” என்று கடைப்பையனை நிற்கவைத்து அளவு சொல்வதுதான் வழக்கம், தப்புவதும் அங்கேதான். இந்தக் கடையில் பழைய சட்டையை மேசைமேல் நீவி விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை டேப்பை வைக்கிறார்கள். நான் நின்ற அன்று ஒரு அம்மா மகனுக்காகக் கொண்டுவந்த சட்டை 21 அங்குலம் வந்தது. ஸ்வெட்டரை அதேபோல் விரித்து 22 அங்குலம் இருக்கும்படி எடுத்தார்கள். சுற்றளவில் 2 அங்குலம் கூடுதல், உள்ளே ஒரு தெர்மலும் சட்டையும் நுழைய அது போதும்.

“இன்னும் ஒரு சைஸ் பெருசாக் குடுங்க, அங்க போய் உடம்பு வெச்சுடுவான்” என்றார் அந்த அம்மா.

“தொளதொளன்னு இருந்தா உள்ள இருக்கிற சூடு கழுத்து வழியா வெளிய போயிருங்க்கா” என்றார் கடைக்காரர்.

அந்த ஒரே வாக்கியத்தில் ஸ்வெட்டரின் சூத்திரமே இருக்கிறது. ஸ்வெட்டர் சூட்டை உண்டாக்குவதில்லை. நூலுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றுதான் உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்கிறது. இறுக்கமாகப் போட்டால் அந்தக் காற்றுக்கு இடமில்லை, தளர்வாகப் போட்டால் அது நிற்பதில்லை. ஆட்டு மயிர் இயல்பிலேயே சுருள் சுருளாக இருப்பதால் காற்றைப் பிடிப்பதில் கெட்டி. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் ஈரமென்று தெரியாமல் இருக்கும். வியர்த்தால் பருத்தி உடம்போடு ஒட்டிக்கொண்டு சில்லிடும், கம்பளி அப்படிச் செய்யாது.

மூன்றாவது வரிக்கு வருவோம். நம்மூர்க் கடைகளில் ‘உல்லன்’ என்ற பெயரில் விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக்தான். லூதியானாவிலிருந்து வந்தாலும் சரி, ஊட்டி திபெத்தியர் கடையில் வாங்கினாலும் சரி, உள்தையலில் இருக்கும் சீட்டைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது. சீட்டு இல்லையென்றால் ஓரத்தில் ஒரு இழையை உருவி நெருப்பில் காட்டிப் பார்க்கலாம். கம்பளி என்றால் மயிர் கருகும் வாடை வரும், நெருப்பை எடுத்ததும் அணையும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகி, கருப்பாகக் கெட்டி மணிபோல் உறையும். கடைக்காரர் இரண்டையும் கொளுத்தி, ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருந்தார். கேட்கிறவர்களுக்குத் திறந்து காட்டுகிறார். அக்ரிலிக்கை அவர் மட்டம் தட்டவுமில்லை. “மெஷின்ல போடலாம், அரிக்காது, விலை கம்மி. ஆறு மாசத்துல முழங்கைப்பக்கம் குருணை குருணையா உருளும், அத மட்டும் தெரிஞ்சு வாங்குங்க.” குறையையும் சேர்த்துச் சொல்லி விற்பது அருமையான விற்பனை.

நான்காவது வரிதான் நோட்டீசின் சிகரம். கடைக்காரரே வாங்காதே என்கிறார். அந்தம்மாவின் மகன் போவது கனடாவின் வின்னிபெக்குக்கு. ஜனவரி இரவுகளில் அங்கே மைனஸ் 20 சாதாரணம். அந்தக் குளிருக்கு இங்கே தொங்கும் பஞ்சு அடைத்த கோட்டு காணாது. பெட்டிக்கு 23 கிலோதான் என்று விமான நிறுவனம் சொல்லியிருக்கும்போது, உதவாத கோட்டு இரண்டு கிலோவைத் தின்றுவிடும். அதனால்தான் கடைக்காரர் முதலில் எந்த நாடு என்று கேட்கவில்லை. “எந்த ஊருக்குங்க்கா?” என்றார். லண்டன் என்றால் குளிர் இந்த அளவுக்கு இல்லை, மழையும் ஈரக்காற்றும்தான் தொல்லை. அங்கே ஸ்வெட்டர்மேல் தண்ணீர் இறங்காத மெல்லிய ஜாக்கெட் வேண்டும். வின்னிபெக் பையனுக்கு இரண்டு ஜோடி தெர்மல், நல்ல கம்பளி ஸ்வெட்டர் ஒன்று, நாலு ஜோடி கம்பளி சாக்ஸ், காதை மூடும் குல்லா ஒன்று. கோட்டுக்கு எடுத்துவைத்த பணத்தைப் பையன் கையில் கொடுக்கச் சொன்னார். அக்டோபரிலேயே அங்கே வாங்கிவிட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

நோட்டீசில் அச்சாகாத ஐந்தாவது வரி ஒன்றும் உண்டு. கம்பளி ஸ்வெட்டரின் மடிப்புக்குள் கையால் எழுதிய துண்டுச் சீட்டு இருந்தது: “சுடுதண்ணி ஆகாது. டிரையர் ஆகாது. கொடியில தொங்கவிடாம துண்டு மேல விரிச்சுக் காய வைக்கவும்.” கம்பளி இழைமேல் மீன் செதிள்போல நுண்ணிய செதிள்கள் உண்டு. சூடும் ஈரமும் உருட்டலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கொக்கிபோட்டுக்கொள்ளும், பிறகு பிரியாது. என் தங்கை வெளிநாட்டில் டிரையரில் போட்டு எடுத்த ஸ்வெட்டர் அவளுடைய ஐந்து வயது மகனுக்குச் சரியாக இருந்தது. கொடியில் தொங்கவிட்டால் நேர்மாறு, நனைந்த பாரம் இழுத்து முழங்கால் வரை வந்துவிடும். இந்தச் சீட்டைத் தமிழில் எழுதியதைக் கவனியுங்கள். படிக்கப்போவது பையன் மட்டுமல்ல, வாட்ஸப்பில் கூப்பிட்டு நினைவூட்டப்போகிற அம்மாவும்தான்.

உங்கள் வீட்டிலும் யாராவது கிளம்புகிறார்களென்றால் கடைக்குச் சட்டை எடுத்துப் போங்கள். பீரோவில் மடிப்புக் கலையாமல் இருக்கும் புதுச்சட்டை வேண்டாம், துவைத்தால் அது சுருங்கக்கூடும். அவர் அடிக்கடி போட்டுத் துவைத்த சட்டையாக இருக்கட்டும்.