சண்டை சூடுபிடித்ததும் ஃப்ரேம் ஏன் சரிகிறது?

ஹெல்டைவர்ஸ் 2 விளையாட்டின் கிராபிக்ஸ் பட்டியலில் மூன்று வரிகள் உண்டு: Volumetric Fog Quality, Volumetric Cloud Quality, Particle Quality. எல்லாமே புகைமூட்டச் சமாசாரம்தானே என்று மூன்றையும் Low-க்குத் தள்ளிவிடுபவர்கள் அதிகம். ஆனால் மூன்றும் கிராபிக்ஸ் கார்டிடம் வேலை வாங்கும் விதம் வேறு. திடீர்ச் சரிவை விசாரித்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது மூன்றாவதைத்தான்.

மூடுபனிக்காக, கேமரா பார்க்கும் வெளியை எஞ்சின்கள் வழக்கமாகச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வெளிச்சம் எவ்வளவு சிதறுகிறது என்று கணக்கிடும். 160 × 90 × 64 என்று பிரித்தால் ஒன்பது லட்சத்துச் சொச்சம் கட்டங்கள். கனமான வேலைதான். ஆனால் வெற்று மணல்மேட்டைப் பார்த்தாலும் எதிரிப் படையைப் பார்த்தாலும் கட்டங்களின் எண்ணிக்கை மாறாது. வெடிகளும் தீயும் புதிய விளக்குகளாகச் சேரும்போது செலவு கொஞ்சம் ஏறும். மேகமும் ஏறக்குறைய அப்படியே. இரண்டும் மாத வாடகை மாதிரி, சண்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டியாக வேண்டும்.

துகள்களின் கணக்கு வேறு. சுவருக்குப் பின்னால் மறைந்திருப்பதை வரையாமல் விட்டுவிடலாம். புகையில் அது நடக்காது. ஊடுருவித் தெரிவதால் ஒரு படலத்தின்மேல் இன்னொன்றாக எல்லாவற்றையும் கலந்தே தீர வேண்டும். 2560 × 1440 திரையில் ஏறத்தாழ 37 லட்சம் பிக்சல்கள். தூரத்து வெடிப்பு அதில் ஒரு மூலையைத்தான் பிடிக்கும். அதே நேபாம் குண்டு உங்கள் காலடியில் விழுந்து, 20 படலங்கள் திரையை முழுக்க மூடினால், அந்த ஒரு ஃப்ரேமுக்கே ஏழு கோடிக்கு மேற்பட்ட பிக்சல் வேலை.

60 ஃப்ரேம் வேண்டுமானால் ஒவ்வொன்றும் 16.7 மில்லிசெகண்டில் முடிய வேண்டும். அமைதியில் 14 ஆகிறது, புகை 8 கூட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம்: 22, அதாவது 45 ஃப்ரேம். மூடுபனியைக் குறைத்து 2 மிச்சப்படுத்தினால் 50 வரும். துகளின் செலவையும் பாதியாக்கினால் 16-க்கு இறங்கி, 60 தாண்டிவிடும். மூடுபனியைக் குறைப்பது இடம் ஒதுக்கித் தரும். எகிறும் செலவை அடக்குவது துகள் செட்டிங்தான்.

ஆனால் சண்டையில் கூடுவது புகை மட்டுமல்ல. எதிரிகள் ஒவ்வொருவரின் நகர்வும் மோதலும் சிபியுவின் தலையில் விழுகின்றன. எது காரணம் என்று பார்க்க, சரிவின்போது ஜிபியு பயன்பாட்டைக் கவனியுங்கள். 97, 98 சதவீதத்தில் நின்றால் புகையின் வேலை என்று கொள்ளலாம். 70-க்கு இறங்கினால் ஜிபியு சும்மா காத்திருக்கிறது. அப்போது மூன்று செட்டிங்கையும் குறைத்துப் பயனில்லை. ரெண்டர் ஸ்கேலை ஒரு படி இறக்கிப் பார்ப்பதும் நல்ல சோதனை: வேகம் மீண்டால் ஜிபியு, அசையாவிட்டால் சிபியு.

என் தேர்வு: துகள் Low, மேகம் Low, மூடுபனி Medium. மூடுபனியை இன்னும் இறக்கினால் கிரகங்களின் அழகு போய்விடுகிறது. சிபியு திணறும் கணினியில் 60-க்கு ஃப்ரேம் வரம்பு போட்டுவிடுவேன். 100-இலிருந்து 55-க்கு விழுவதைவிட, 60-இலிருந்து விழுவது கைக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை.