புள்ளியைக் கடைசியில் பார்ப்போம்

மும்பையில் யாராவது ஒரு சொசைட்டி கேமராவில் பதிந்த 'பிபட்யா' படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும், தாராவியிலிருந்து முலுண்ட் வரை எல்லாக் குழுக்களிலும் புள்ளி ஆராய்ச்சி தொடங்கிவிடும். உடம்பில் வளையம் வளையமாக இருந்தால் சிறுத்தை. கெட்டியான ஒற்றைப் புள்ளியாக இருந்தால் சிவிங்கி, அதாவது சீட்டா. வளையத்துக்கு நடுவிலும் புள்ளி இருந்தால் ஜாகுவார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த இந்த விதியில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அதை முதல் சோதனையாக வைத்துக்கொள்வதில் பெரிய பிழை இருக்கிறது. இந்த நகரத்தில் நம் கைக்கு வரும் படங்களில் மிக எளிதாகக் கெட்டுப்போகிற அடையாளம் புள்ளிதான்.

நல்ல வெளிச்சத்தில் பக்கவாட்டில் எடுத்த படத்தில் புள்ளி சொல்வதை அப்படியே நம்பலாம். சிறுத்தையின் விலாவில் மூன்று நான்கு கறுப்புத் திட்டுகள் சேர்ந்து உடைந்த வளையமாக நிற்கும். வளையத்தின் உட்பகுதி சுற்றியுள்ள தோலைவிடக் கொஞ்சம் அடர்ந்த பழுப்பாக இருக்கும். தலையிலும் காலிலும் வயிற்றிலும் வளையம் கிடையாது, அங்கே கெட்டிப் புள்ளிகள்தான். படத்தில் கால்பகுதி மட்டும் தெரிந்து அதைப் பார்த்து 'சீட்டா' என்று தீர்ப்பு எழுதுகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். ஜாகுவாரின் வளையங்கள் பெரியவை, எண்ணிக்கையில் குறைந்தவை, பலவற்றின் நடுவே ஒன்றிரண்டு பொட்டுகள் இருக்கும். சிவிங்கியின் உடம்பு முழுக்க ஏறக்குறைய வட்டமான கெட்டிப் புள்ளிகள். பனிச்சிறுத்தையின் சாம்பல் நிறமும், படைச்சிறுத்தையின் மேகத்திட்டுகளும் தனி ரகம். அவற்றால் மும்பையில் குழப்பம் வர வழியில்லை.

இனி ஒரு சின்னக் கணக்கு. சிறுத்தையின் தலையும் உடலும் சேர்ந்து, வாலை விட்டுவிட்டால், சுமார் 120 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். விலாவில் உள்ள ஒரு வளையம் ஏறக்குறைய 5 செ.மீ. கேட்டருகே இருக்கும் கேமராவில் அந்த விலங்கு தொலைவில் நடக்கிறது, படத்தில் அதன் உடல் 60 பிக்சல் நீளம்தான். அப்படியானால் ஒரு பிக்சலுக்கு 2 செ.மீ. வளையம் முழுவதுமே இரண்டரைப் பிக்சலுக்குள் அடங்கிவிடுகிறது. இரண்டரைப் பிக்சலில் வளையம் வரைய முடியாது. நடுவில் இருக்கும் பழுப்பும் சுற்றியிருக்கும் கறுப்பும் கலந்து ஒரு கெட்டிப் பொட்டாக விழும். வாட்ஸ்அப் அந்தப் படத்தை இன்னும் சுருக்கி அனுப்பும்போது, மிச்சம் இருந்த ஓரமும் கரைந்துவிடும். ஆகவே தெளிவற்ற படத்தில் எந்தச் சிறுத்தையும் சிவிங்கியாகத் தெரிய வாய்ப்பு உண்டு. தவறு எப்போதும் ஒரே திசையில்தான் நடக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும்: வளையம் பொட்டாக மாறும், பொட்டு வளையமாக மாறாது. மங்கிய படத்திலும் வளையம் தெரிந்தால் அதை நம்பலாம். கெட்டிப் புள்ளி தெரிந்தால் நம்பக் கூடாது. வளையத்துக்குப் பத்துப் பிக்சலாவது வேண்டும் என்றால், உடல் 240 பிக்சலாவது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்த படத்தில் புள்ளியை வைத்து வாதாடுவது வீண்.

முகக்கோட்டின் நிலை இதைவிடக் கொஞ்சம் மேல். சிவிங்கியின் கண்ணின் உள்மூலையிலிருந்து மூக்கோரமாக இறங்கி வாய்வரை வரும் கறுப்புக் கோடு, வேறு எந்தப் பெரும்பூனைக்கும் இந்த வடிவில் கிடையாது. தெளிவாகத் தெரிந்துவிட்டால் அங்கேயே முடிவுக்கு வந்துவிடலாம். சிக்கல் என்னவென்றால், முகம் கேமராவை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். உச்சிவெயிலில் சிறுத்தையின் புருவ நிழல் மூக்கோரம் விழுந்து கோடு போலக் காட்டும். இரவில் அகச்சிவப்பு விளக்கில் கண் பளீரென்று எரிந்து, கண்ணைச் சுற்றி இருப்பதையெல்லாம் வெளுக்க வைத்துவிடும். கோடு இருக்கிறது என்றால் அது இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா, வாய்வரை வருகிறதா என்று பார்க்க வேண்டும். கோடு தெரியவில்லை என்பது மட்டும் எதையும் நிரூபிக்காது.

இந்த இரண்டையும்விட நான் பெரிதாக மதிப்பது உடற்கட்டைத்தான். அதைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசுகிறோம். சிவிங்கிக்கு நீண்ட மெலிந்த கால், ஆழ்ந்த மார்பு, உள்வாங்கிய இடுப்பு, உடம்புக்குச் சின்னதாகத் தோன்றும் தலை. சிறுத்தை தாழ்வாக, நீளமாக, தோள் திரண்டு நடக்கும். கால் குட்டையாகவும் தடியாகவும் இருக்கும். ஜாகுவாருக்குத் தலை இன்னும் பெரிது, மார்பு அகலம், வால் குட்டை. நின்ற நிலையில் வயிற்றுக்கும் தரைக்கும் இடையில் எவ்வளவு வெளிச்சம் தெரிகிறது என்று பாருங்கள். சிவிங்கியின் அடியில் நிறையத் தெரியும், சிறுத்தையின் அடியில் குறைவாகத் தெரியும். புள்ளி முழுக்க அழிந்த கறுப்பு நிழலுருவத்திலும் இந்த அளவு தப்பிப்பிழைக்கும். இதற்கும் குறை உண்டு. பதுங்கும் சிவிங்கியின் கால் குட்டையாகத் தெரியும். உயரத்தில் மாட்டிய கேமரா எல்லா விலங்கையும் அமுக்கிக் காட்டும். ஆனால் அந்தக் குறை படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். வளையம் பொட்டாக மாறியதோ பார்ப்பவருக்குத் தெரியாமலே நடந்துவிடுகிறது.

செம்பூரில் ஒரு கட்டடத்து வாட்ச்மேன் அறைக் கேமராவில் இரவு இரண்டு மணிக்கு ஒரு விலங்கு பதிந்ததாக வைத்துக்கொண்டு, இந்த வரிசையில் போய்ப் பார்ப்போம். முதலில் அளவு. விலங்கு தாண்டிய படிக்கட்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது, டேப்பை வைத்து அளக்கலாம். படி 15 செ.மீ. என்றால், அந்தப் படியருகே விலங்கின் தோள் எத்தனை படி உயரம் வருகிறது? நான்கு படிக்கு மேல் வந்தால் 60 செ.மீ.யைத் தாண்டுகிறது, வளர்ந்த சிறுத்தைக்கு அது பொருந்தும். இரண்டரை, மூன்று படிதான் என்றால் நரியாகவோ காட்டுப்பூனையாகவோ இருக்கலாம். செம்பூர், ட்ராம்பே பக்கத்துச் சதுப்புக்காடுகளில் நரி உண்டு. அகச்சிவப்பு விளக்கில் எல்லாமே சாம்பல் நிறமாகிவிடுவதால் நிறம் உதவாது. அடுத்து வால். சிறுத்தையின் வால் உடலில் பாதிக்கு மேல் நீண்டு, நடக்கும்போது தாழ்ந்து தொங்கி, நுனியில் மேல்நோக்கி வளையும். நுனியின் அடிப்பக்கம் வெள்ளை. நரியின் வால் புதர் போன்றது, குட்டை. பிறகு முகவாட்டம்: நரிக்கு மூக்கு நீண்டது, பூனை இனத்துக்குக் குட்டை. இவ்வளவும் முடிந்த பிறகே புள்ளிக்கு வர வேண்டும். பெரும்பாலான படங்கள் அதற்கு முன்பே தீர்ந்துவிடும்.

சிவிங்கியாக இருக்குமோ என்ற கேள்வியை இடமே தீர்த்துவிடுகிறதே என்று கேட்கலாம். உண்மைதான். இந்தியாவில் சிவிங்கி அழிந்துவிட்டதாக 1952-இல் அறிவிக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டு சிவிங்கிகள் மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்குக் கொண்டுவரப்பட்டன. மும்பைக்கு அவை வர வழியில்லை. ஆனால் இடத்தை ஆதாரமாக எடுத்துக்கொள்ள, படம் உண்மையிலேயே அந்த இடத்தில் எடுத்தது என்று தெரிந்திருக்க வேண்டும். ஆப்பிரிக்காவிலோ பிரேசிலிலோ எடுத்த படம் 'மாதுங்கா ஸ்டேஷன் பக்கம்' என்ற தலைப்போடு சுற்றும்போது, விலங்கை அடையாளம் காண்பதுதான் இடத்தைச் சோதிக்கும் வழி. விலங்கு ஜாகுவார் என்று தெரிந்துவிட்டால் தலைப்பு பொய் என்று தெரிந்துவிடும். தலைப்பை நம்பி விலங்கைத் தீர்மானித்தால் அந்த வழி அடைபடுகிறது.

புள்ளியின் உண்மையான வலிமை வேறோரிடத்தில் இருக்கிறது: ஒரு சிறுத்தையை இன்னொரு சிறுத்தையிலிருந்து பிரிப்பதில். போரிவலியின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா 104 சதுர கி.மீ. பரப்பு. 2015-இல் வனவிலங்கு ஆய்வாளர் நிகித் சுர்வே அங்கே தானியங்கிக் கேமராக்களை வைத்து ஆராய்ந்தபோது, 35 தனித்தனிச் சிறுத்தைகளை அவற்றின் வளையங்களைக் கொண்டே பிரித்து எண்ண முடிந்தது. வேலை நடக்கும் விதம் இதுதான். காட்டுப்பாதையின் இரண்டு பக்கமும் எதிரெதிராக இரண்டு கேமராக்கள் நிற்கும். ஒரே விலங்கின் இடது விலா வடிவமும் வலது விலா வடிவமும் ஒன்றல்ல என்பதே காரணம். ஒரு கேமரா மட்டும் இருந்தால், ஒரு நாள் இடப்பக்கமும் மறுநாள் வலப்பக்கமும் காட்டிய ஒரே சிறுத்தை இரண்டு சிறுத்தைகளாகக் கணக்கில் ஏறிவிடும். ஒப்பிடும்போது முழு உடலையும் மேலோட்டமாகப் பார்த்துப் பயனில்லை. தோளுக்குப் பின்னால் ஒரு சின்னப் பரப்பை எடுத்துக்கொண்டு, விசித்திரமான ஒரு வளையத்தைப் பிடித்து, அதன் வாய் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, மேலே என்ன, கீழே என்ன என்று அக்கம்பக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். நடக்கும்போது தோல் இழுபட்டு வளையம் நீளும், சாயும். ஆனால் எது எதற்கு அடுத்தது என்ற வரிசை மாறாது. ஃபோனில் இடவலம் திருப்பிச் சேமித்த படம் இந்த வேலைக்கு நஞ்சு, இடது விலா வலதாகிவிடும்.

புள்ளி வடிவத்தை இனத்தின் கடைசிச் சான்றாக நம்பியதால் பெரியவர்களே வழுக்கியிருக்கிறார்கள். இந்தியப் பாலூட்டிகளைப் பற்றிப் பெரும் நூல் எழுதிய ரெஜினால்ட் போக்காக், 1927-இல் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலிருந்து கிடைத்த, முதுகில் பட்டையும் உடம்பில் பெரிய திட்டுகளும் கொண்ட சிவிங்கித் தோலைப் பார்த்து, அதை ஒரு புதிய இனம் என்றே பெயரிட்டார். 1981-இல் தென் ஆப்பிரிக்காவின் டி வில்ட் சிவிங்கி இனப்பெருக்க மையத்தில் சாதாரணப் புள்ளியுள்ள தாய்களுக்கு அதே திட்டுகளோடு குட்டிகள் பிறந்தன. பின்னர் 2012-இல், ஒரே ஒரு மரபணுவின் மாற்றமே அந்த வடிவத்துக்குக் காரணம் என்று தெரியவந்தது. வீட்டுப்பூனைகளில் கோட்டைத் திட்டாக மாற்றுவதும் அதே மரபணுதான். போக்காக்கின் கையில் இருந்த தோலில் காலின் நீளமும் மார்பின் ஆழமும் இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். முழு விலங்கையும் பார்த்திருந்தால் அது சிவிங்கியின் கட்டுதான் என்று அவருக்கும் பட்டிருக்கும்.

இதற்கு நேரெதிரான ஒன்றும் நடந்திருக்கிறது. மலேசியத் தீபகற்பத்தில் பெரும்பாலான சிறுத்தைகள் கருஞ்சிறுத்தைகள். பகல் படத்தில் ஒன்றுக்கொன்று வேறுபாடே தெரியாது, அதனால் எண்ணவும் முடியவில்லை. கேமராவைப் பகலிலும் அகச்சிவப்பு விளக்கில் எடுக்கும்படி மாற்றியபோது, கறுப்புத் தோலுக்குள் மறைந்திருந்த வளையங்கள் வெளிப்பட்டன. 2015-இல் அந்த முறையால் அவற்றை எண்ணினார்கள். செம்பூர்க் கேமராவில் நிறத்தைத் தின்றுவிட்ட அதே விளக்குதான், அங்கே கண்ணுக்குத் தெரியாததைக் காட்டியது. கேமரா விலங்கிலிருந்து சில அடி தூரத்தில் இருந்ததும், அசல் கோப்பு சுருக்கப்படாமல் கைக்கு வந்ததும் அதற்கு உதவின.

நம் கட்டடங்களில் உடனே மாற்ற வேண்டியது இந்தக் கடைசிப் பகுதிதான். விலங்கை மட்டும் வெட்டியெடுத்த சதுரத்தை அனுப்பாமல், படியும் கேட்டும் தெரிகிற முழுச் சட்டகத்தையும், கேமராவில் பதிந்த நேரத்தோடு, அசல் கோப்பாக எடுத்து வைக்க வேண்டும். டிவி திரையை ஃபோனில் படமெடுத்தது உதவாது. காட்சி ஒரு நொடியாவது ஓடினால் நடையும் வாலும் தெரியும், அதனால் ஒற்றைப் படத்தைவிட வீடியோவே மேல். மகாராஷ்டிர வனத்துறையின் உதவி எண் 1926. கோப்பை முதலில் அங்கே கொடுத்துவிட்டுக் குழுவில் போடலாம்.