குளிரில் ஒரு டிரான்ஸ்பார்மர்

தானா ராத்தா மலையூரின் காலைக் குளிரில், தேயிலைச் சரிவில் பனி கலையும் முன், எண்ணெய் நிரம்பிய டிரான்ஸ்பார்மர் ஒன்றின் வேலியருகே நின்றால் மெல்லிய உறுமல் மட்டும் கேட்கும். விசிறிகள் ஓடா. சூடான எண்ணெய் தானே மேலேறி, ரேடியேட்டர் தகடுகளில் ஆறி, தானே இறங்கும், காற்றும் அப்படியே. இதுதான் ஓ.என்.ஏ.என். சுமை கூடி விசிறிகள் சுழன்றால் ஓ.என்.ஏ.எஃப்.

எனக்கு மிகவும் பிடித்தது, பக்கத்தில் இருக்கும் சுருள் வெப்பமானி. சுருளின் மிகச் சூடான இடத்தை அது தொடுவதே இல்லை. மேல் எண்ணெயின் சூட்டை எடுத்து, சுமைக்கு ஏற்ற சிறு மின்னோட்டத்தை ஒரு ஹீட்டரில் ஓடவிட்டு, உள்ளே இருக்கும் சூட்டை வெளியே நடித்துக் காட்டுகிறது. என்ன அழகான யோசனை!

அந்த இடத்துக்கு 98 டிகிரி என்பது கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் சாதாரணக் காப்புக் காகிதம் இருமடங்கு வேகத்தில் நைந்துபோகும். முழுச் சுமையில் அந்த இடம் சுற்றுக் காற்றைவிட 78 டிகிரி கூடுதலாகச் சுடலாம். இங்கே 18 டிகிரிக் காற்றில் 96. சமவெளியின் 28 டிகிரியில் 106. 98 டிகிரியில் தளர்வதைவிடக் காகிதம் இரண்டரை மடங்கு வேகமாகத் தளரும்.

ஆனால் இங்கே, 1,440 மீட்டர் உயரத்தில், காற்று அடர்த்தி குறைவு. 1,000 மீட்டருக்கு மேல், விசிறியில்லாமல் ஒவ்வொரு 400 மீட்டருக்கும், விசிறியோடு ஒவ்வொரு 250 மீட்டருக்கும் வெப்ப உயர்வு வரம்பில் ஒரு டிகிரி கழிக்கச் சொல்கிறது ஐ.இ.சி. தரநிலை. குளிர் தந்த பத்து டிகிரியில், விசிறி ஓடும்போது ஏறக்குறைய இரண்டு போய்விடுகிறது.