மண்சட்டியில் தங்கும் சிக்கு வாடை

மீன் குழம்புச் சட்டியைச் சோப்புத்தூளில் ஊறவைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வது சரிதான். மெருகு பூசாத மண்ணின் நுண்துளைகளில் புகும் சோப்பு, அடுத்த குழம்பு கொதிக்கும்போது வெளியே வரும். ஆனால் சோப்புக்குப் பதிலாகச் சொல்லப்படும் புளி, அரிசி களைந்த நீர், வெயில் ஆகியவற்றை எல்லா வாடைக்கும் மருந்தாக நம்புவது பிழை.

சட்டியில் தங்குபவை இரண்டு வாடைகள். ஒன்று மீன் கவுச்சி. அதைத் தரும் பொருள்கள் காரத்தன்மை கொண்டவை. புளியின் அமிலம் அவற்றை ஆவியாகாத உப்பாக மாற்றிவிடுவதால் கழுவினால் போய்விடுகின்றன. மற்றொன்று சிக்கு. துளைகளில் ஊறிய எண்ணெய் காற்றுப்பட்டுக் கெடுவதால் வருவது அது. புளி எண்ணெயைக் கரைக்காது. புளி போட்டுத் தேய்த்த சட்டி அன்றைக்கு மணமின்றி இருந்தும், அடுப்பில் சூடேறியதும் மறுபடி நாறுவதற்குக் காரணம் இதுவே.

வெயில் விஷயத்தில் வரிசை முக்கியம். எண்ணெய் இருக்கும்போதே காயவைத்தால் ஒளியும் சூடும் அதை இன்னும் விரைவாகக் கெடுக்கும். எண்ணெயை எடுத்த பிறகு ஈரத்தைப் போக்கவும் பூசணத்தைத் தடுக்கவும் வெயிலைப் போல வேறில்லை.

எண்ணெயை எடுப்பது காரம். தேங்காய் நாரில் விறகுச் சாம்பல் தொட்டுத் தேய்த்த பழைய வழக்கம் இங்கேதான் வலுவாக நிற்கிறது. சாம்பலின் காரம் கெட்ட எண்ணெயைச் சோப்பாக்கிக் கரைக்கிறது. அந்தச் சோப்பும் துளைக்குள்தான் உருவாகிறது என்பதால், வெந்நீரில் கொதிக்கவைத்து அதை வெளியேற்றியே ஆக வேண்டும். தேய்த்து அலசியதோடு நிறுத்துவது இம்முறையின் பொதுவான குறை. சாயம் பூசிய மரம், பிளைவுட் ஆகியவற்றின் சாம்பல் ஆகாது.

நல்லெண்ணெய்க் குழம்பு வைத்து, மூடியோடு பரணில் பல மாதம் கிடந்த இரண்டு லிட்டர் சட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். காய்ந்த சட்டியை மெல்லிய தீயில் சூடாக்கினால் உட்சுவரில் எண்ணெய் கசியும். துணியால் ஒற்றி எடுக்கலாம். சட்டி ஆறியபின் முக்கால் பங்கு நீரும் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடாவும் சேர்த்து, சிறு தீயில் கால்மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். நீர் கலங்கி மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். அதைக் கொட்டி, வெறும் நீரைத் தெளியும்வரை மாற்றிமாற்றிக் கொதிக்கவைத்து, கடைசியில் புளித்தண்ணீரால் அலசிக் காயவைக்கலாம். காய்ந்த சட்டியை லேசாகச் சூடாக்கி முகர்ந்தால் பலன் தெரியும்.

சோடாவிலும் ஆபத்து உண்டு. சரியாக வெளியேறாத உப்பு துளைகளில் படிகமாகி வெண்பூப் பூக்கும். நாளடைவில் மண் பொரிந்து உதிரும். வெளிச்சுவர்வரை எண்ணெய்க் கறை ஊறிய சட்டியைத் திரும்பத் திரும்பச் சோடாவில் கொதிக்கவைப்பதைவிட, செடி வைக்கக் கொடுத்துவிடலாம்.