டிசம்பர் தூண்

மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரத்தை வெட்டுவதைப் பற்றிப் பேச வேண்டுமானால், மாத மழையைக் காட்ட வேண்டும். நான் பார்த்த வரைபடத்தில் மட்டக்களப்பு, திருகோணமலை, யாழ்ப்பாணம், கொழும்பு என நாலு ஊர், பன்னிரண்டு மாதம். ஆக 48 தூண்கள், நாலு நிறம். பின்னால் குறுக்குக் கோடுகள் வேறு. டிசம்பர் தூணிலிருந்து இடப்பக்க அளவுகோல்வரை விரல் வைத்து ஓட்டித்தான் மழையை வாசிக்க முடிந்தது.

அதை எக்ஸலில் திருத்தினேன். முதலில் கோடுகளை அழித்தேன். பிறகு மற்ற மூன்று ஊர்களுக்கும் ஒரே வெளிர்ச் சாம்பல், மட்டக்களப்புக்கு மட்டும் கடும் நீலம். உடனே வடகீழ்ப் பருவம் எழுந்து நின்றது: ஜூனில் தரையோடு ஒட்டிய தூண், நவம்பரில் ஏறி, டிசம்பரில் சுமார் 400 மி.மீ. சாம்பல் தூண்களையும் அழித்திருக்கலாம். ஆனால் கொழும்பில் மழை மே மாதத்திலும் அக்டோபரை ஒட்டியும் இரண்டு தரம் குவிவது பக்கத்தில் தெரிந்தால்தான் எங்கள் ஒற்றைக் குவியல் புரியும்.

எண்களை நீலத் தூண்களின் தலையில் மட்டும், தசமம் இல்லாமல் இட்டேன். 48க்கும் இட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கோடுகளைவிட மோசமாகிவிடும். எண்கள் வந்தபின் அளவுகோல் தேவையில்லை. ஆனால் அதை எடுக்குமுன் தொடக்கம் 0 தானா என்று பார்த்துப் பூட்டிவிட வேண்டும். தொடக்கம் 100 என்றிருந்தால் 200 மி.மீ. தூண், 400இன் மூன்றிலொரு பங்காகக் குறுகிவிடும். அளவுகோல் போனபின் அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, எண்ணையும் உயரத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான்.