கட்டத்துக்குள் ஏறிய உடும்பு

கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற என்னைப் பார்த்து, "இந்த வயசுல எதுக்கு டீச்சர் இவ்வளவு குதிக்கிறீங்க?" என்று எங்கள் ஊர் மாகறலில் கேட்காத ஆள் இல்லை. குதிக்காமல் எப்படி இருப்பது? ஒரு கிராப் தாளில் வைத்த புள்ளி, தறியில் சரிகையாக எழுந்து வருவதைக் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். பட்டு நெய்கிற ஊர்ப்பக்கமே இத்தனை காலம் வாழ்ந்தும், சேலைக்கு டிசைன் போடுவது என்று ஒரு முழுநேரத் தொழில் இருப்பதை எங்கள் பக்கம் யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதே இல்லை. இது என்ன நியாயம்!

பக்கத்து வீட்டுப் பெண் பிளஸ் டூ முடித்திருந்தாள். வீட்டில் பேச்சு இரண்டே இரண்டுதான். ஒன்று நர்சிங், இல்லையென்றால் ஒரகடம் கம்பெனி பஸ். இரண்டும் நல்ல வழிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவள் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் பார்த்தவள் நான். கட்டம் கட்டமாகக் கோலம், அதற்குள் மயில், ஓரத்தில் எண்கள். அப்பா தறி நெய்கிறவர். தறி மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறவளுக்கு, அந்தப் பெட்டிக்குப் போகும் அட்டையை யார் எழுதுகிறார்கள் என்று தெரியவில்லை.

"யாரோ காஞ்சிபுரத்துல செஞ்சு அனுப்புவாங்க டீச்சர்."

"அந்த யாரோ நீயா ஏன்டி இருக்கக் கூடாது?"

அன்றே அவள் அப்பாவைத் தறியை மெதுவாக மிதிக்கச் சொல்லி, பெட்டிக்குக் கீழே நின்று பார்த்தோம். அட்டை வந்து ஊசி வரிசையில் மோதுகிறது. ஓட்டை உள்ள இடத்தில் ஊசி நுழைந்து நிற்கும், அதற்குரிய கொக்கி மேலே தூக்கப்படும், அதில் மாட்டிய பாவு இழையும் கூடவே எழும். ஓட்டை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிடும், கொக்கி விலகிக் கீழேயே நிற்கும். எழுந்த இழைக்கும் எழாத இழைக்கும் நடுவே சரிகை ஓடுகிறது. ஒரு வரிக்கு ஓர் அட்டை. 1800-களின் தொடக்கத்தில் பிரான்சில் ஜக்கார்டு என்பவர் உருவாக்கிய ஏற்பாடு இது. கணிப்பொறிக்கு முன்னோடியான எந்திரத்தை வரைந்த பாபேஜ், ஓட்டை போட்ட அட்டை என்ற யோசனையை எடுத்ததே இந்தத் தறியிலிருந்துதான். அவளிடம் இதைச் சொன்னபோது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது என்று எதிர்வீட்டம்மா பிறகு சொன்னார்.

சரி, அவளுடைய முதல் டிசைனாக எதை வரைவது? அவளே சொன்னாள், உடும்பு. திருமாகறலீசுவரர் கோயிலில் லிங்கமே உடும்பின் வால் வடிவம். பொன்னுடும்பைத் துரத்திப்போன அரசன் கதை இங்கே குழந்தைக்கும் தெரியும். அவள் அப்பாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "உடும்பைச் சேலையில யாரு டீச்சர் கட்டுவாங்க?" யானையும் யாளியும் கட்டுகிறவர்கள் உடும்பைக் கட்ட மாட்டார்களா என்று நான் கேட்டதற்கு இன்று வரை பதில் இல்லை.

இங்கேதான் என் கணக்கு மனசு துள்ளியது. அவள் அப்பாவின் தறியில் உள்ள பாவில் அங்குலத்துக்கு 80 இழை என்று வைத்துக்கொண்டோம். பெட்டியில் 240 கொக்கி. 240-ஐ 80-ஆல் வகுத்தால் 3 அங்குலம், அதுதான் உடும்பின் நீளம். உயரம் ஓர் அங்குலம் வேண்டும். சரிகை அங்குலத்துக்கு 60 வரி ஓடும் என்றால் 60 அட்டை போதும். ஆனால் அவள் சாதாரணக் கிராப் தாளில், பார்வைக்கு அளவாக 240 கட்டம் நீளம், 80 கட்டம் உயரம் என்று அழகாக வரைந்துவிட்டாள். நெய்தால் என்ன ஆகும்? 80 வரியை 60-ஆல் வகுத்தால் ஓர் அங்குலமும் மூன்றில் ஒரு பங்கும். நீளம் மாறாது, உயரம் மட்டும் கூடும். தொப்பை வைத்த உடும்பு! பாவும் சரிகையும் ஒரே நெருக்கத்தில் இல்லாதபோது சதுரக் கட்டம் நம்மை ஏமாற்றும். அதற்கென்று 80-க்கு 60 என்ற விகிதத்தில் கோடு போட்ட தாள் வேண்டும். அவளே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டாள். எட்டாம் வகுப்பு விகிதசமக் கணக்குக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு உண்டா?

இரண்டாவது சிக்கல் வால். படுத்திருக்கும் வாலில் ஒரே வரியில் 40 கட்டம் தொடர்ந்து நிரப்பியிருந்தாள். அப்படியானால் சரிகை 40 இழைக்கு மேலே பிடிமானம் இல்லாமல் அரை அங்குலம் மிதக்கும். மோதிரம் பட்டால் மாட்டும், இழுபடும், சரிகை கிளம்பிவிடும். காஞ்சிபுரத்தில் நான் அவளைக் கூட்டிப்போய்ப் பார்த்த டிசைனர் பென்சிலால் ஏழெட்டுக் கட்டத்துக்கு ஒன்றை வெள்ளையாக விட்டுக் காட்டினார். அங்கே பாவு இழை மேலே வந்து சரிகையை அழுத்திப் பிடிக்கும். ஆனால் எல்லா வரியிலும் ஒரே இடத்தில் விட்டால் உடும்பின் முதுகில் கோடு விழும். வரிக்கு வரி தள்ளித் தள்ளி விட வேண்டும். அவள் அதையே செதில் மாதிரி அடுக்கிவிட்டாள். டிசைனர் ஒன்றும் பேசாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குக் கை தட்டத் தோன்றியது, தட்டியும் விட்டேன்.

இன்னொன்று கவனித்தோம். சேலையைக் கட்டும்போது ஊடை நெட்டுக்குத்தாக வரும். தறியில் படுத்துக் கிடந்த உடும்பு, உடலில் கொசுவத்தின் ஓரமாக ஏறுகிற உடும்பாகிவிடும். உடும்பு என்றால் ஏறத்தானே வேண்டும்!

நீங்களும் இப்படி நெய்த மாதிரி ஒன்றைக் கையில் எடுத்தால், முதலில் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் யாரையும் மயக்கும். டிசைன் போட்டவரின் கைநேர்த்தி பின்பக்கம்தான் தெரியும், அங்கே நீளநீளமாக இழை தொங்கினால் கட்டம் போட்டவர் அவசரப்பட்டிருக்கலாம்.

இந்தத் தொழிலில் குறையே இல்லை என்று அவளிடம் நான் சொல்லவில்லை. தனியாகச் செய்பவருக்கு மாதச் சம்பளம் கிடையாது, டிசைனுக்கு இவ்வளவு என்றுதான். நன்றாக ஓடும் டிசைனை அடுத்த தெருவிலேயே நகல் எடுத்துவிடுவார்கள். மின்னணுப் பெட்டி வந்த தறிகளில் அட்டையே இல்லை, கணினியில் போட்ட படம் பென் டிரைவில் நேரே போகிறது. அதனால் அட்டையில் ஓட்டை போடும் பஞ்சிங் வேலையை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. ஆனால் வாலில் எந்தக் கட்டத்தை வெள்ளையாக விட வேண்டும் என்று முடிவு செய்ய, தறி தெரிந்த ஆள்தான் அப்போதும் வேண்டும். தறி வீட்டில் பிறந்த பெண்ணுக்கு அந்த அறிவு பாதி தானாகவே வந்துவிட்டது.

இப்போது அவள் சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தில் படிக்கிறாள். மூன்று ஆண்டு டிப்ளமோ. டிசைன் மட்டுமல்ல, நூல், சாயம், தறி எல்லாம் சொல்லித் தருகிறார்கள். விடுமுறைக்கு வந்தால் என் திண்ணைதான் அவளுக்கு வகுப்பறை, ஆனால் இப்போது மாணவி நான்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ வரையவும் எண்ணவும் பிடித்த பிள்ளை இருந்தால் கேளுங்கள். சேலம் டிப்ளமோவுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு உண்டு, ஆகவே தள்ளிப்போடாதீர்கள். நிஃப்டில் சேர விரும்பும் நெசவாளர் பிள்ளைகளுக்குத் தனி நுழைவுத் தேர்வு இருக்கிறது, அதற்கு நெசவாளர் அடையாள அட்டையை இப்போதே தேடி எடுத்து வையுங்கள். காஞ்சிபுரத்திலேயே நெசவாளர் சேவை மையம் இருக்கிறது, ஒரு நாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் விசாரியுங்கள்.